நிரந்தர டையில் கொண்டிஷனர் கலந்து நிறத்தை மென்மையாக்குவது: முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன அறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். "அக்கா, தார் ஊத்தின மாதிரி கறுப்பு வேண்டாம், ஆனா நரையும் துருத்திக்கொண்டு நிக்கக் கூடாது" என்று கேட்டு வருபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் டையோடு கொண்டிஷனரைக் கலந்து பார்த்து, ஏதோ ஒரு இடத்தில் சறுக்கிய பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் சறுக்கிய இடங்களைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த ஒழுங்குதான் இது. கறுப்பும் நரையும் கலந்த எங்கள் தலைமயிரை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறேன். வெளிறச் செய்த முடியிலோ பொன்னிற முடியிலோ இதன் கணக்கு வேறு.

## 1. இது எதைச் செய்யும், எதைச் செய்யாது

கொண்டிஷனர் கலந்த டை உங்கள் கறுப்பு முடியில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. கறுப்பின் மேல் மெல்லிய கபில நிறம் பூசினால் கறுப்புத்தான் தெரியும். மாற்றமெல்லாம் வெள்ளை முடியில் மட்டும்தான். இளக்காத டை வெள்ளை முடியைச் சுவருக்குப் பெயின்ற் அடித்தது போல மூடிவிடும். இளக்கியது பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் ஒரு சாயை ஏற்றும், அதற்குள்ளால் வெளிச்சம் போகும். கறுப்புக்கு நடுவே அங்கங்கே அப்படிக் கபிலக் கோடுகள் நிற்கும்போது, டை அடித்தது போலவே தெரியாது.

இதற்கு விலை நரை மறைப்புத்தான். நரை கலந்து போகும், மறையாது. "ஒரு வெள்ளை முடியும் தெரியக் கூடாது" என்பவர் கொண்டிஷனர் போத்தலைத் திறக்கவே வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரு படி வெளிறிய எண்ணில் உள்ள டை, அதுவும் இளக்காமல். தலையில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தாலும் எனக்கு இந்த முறையில் விருப்பமில்லை. கலந்து போவதற்குக் கறுப்பு போதாது, முழுத் தலையும் மங்கிய செம்பட்டையாகத் தெரியும்.

## 2. கொண்டிஷனர் உள்ளே போய் என்ன செய்கிறது

டை டியூப்பில் இருப்பது நிறமல்ல, நிறமாகப் போகிற மூலப்பொருட்கள். அவை மிகச் சிறியவை. டையிலுள்ள அமோனியா அல்லது அதுபோன்ற காரம் முடியின் மேற்செதில்களை ஊதி விரியச் செய்யும், அந்த வழியால் இவை உள்ளே போகும். டையோடு கலக்கும் டெவலப்பரில் உள்ள பெரொக்சைட் உள்ளே வைத்து அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிய நிறத் துணிக்கைகளாக்கும். பெரிதானதால் அவை திரும்பி வெளியே வரமாட்டா. நிரந்தர டை நிரந்தரமாவது இப்படித்தான்.

கொண்டிஷனரைச் சேர்க்கும்போது மூன்றும் ஒரேயடியாகக் குறைகின்றன. மூலப்பொருளின் செறிவு குறைகிறது, பெரொக்சைட்டின் செறிவு குறைகிறது, கொண்டிஷனர் இலேசான அமிலத்தன்மை உள்ளதால் காரத்தின் வீரியமும் தணிகிறது. செதில்கள் முழுதாக விரியாமல், குறைந்த அளவு பொருள் உள்ளே போய், குறைந்த அளவு நிறம் உருவாகிறது. தண்ணீர் விட்ட பால் போல நிறம் மட்டும் ஐதாகிறது என்று நினைக்கிறவர்களுக்கு விடை பிழைப்பது இதனால்தான். பாதி கலந்தால் பாதி நிறம் என்று கணக்குப் போட முடியாது. முரட்டு நரையில் அதைவிடக் குறையவே பிடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நிறத்தை இளக்குவதற்கென்றே நிறமில்லாத டியூப்புகளைச் சில கம்பனிகள் செய்கின்றன. அவை டையின் காரத்தைக் கெடுக்காது, விடையும் நிதானமாக வரும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் அதை அடிக்கடி காண்பதில்லை, அதனால்தான் கொண்டிஷனரோடு மல்லுக்கட்டுகிறோம்.

## 3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

டை. டியூப்பில் வரும் கிரீம் டையும் அதற்குரிய டெவலப்பரும். தண்ணீரில் குழைக்கும் கறுப்புத் தூள் டை இதற்கு உதவாது. அதில் நிறமும் ஒட்சியேற்றும் பொருளும் ஒரே தூளுக்குள் இருக்கின்றன, தண்ணீரின் அளவை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. கொண்டிஷனர் போட்டால் கட்டிப்பட்டுத் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

எண். பெட்டியில் உள்ள எண் கூடக் கூட நிறம் வெளிறும். 4 அல்லது 4.0 என்று போட்ட இயற்கைக் கபிலம் எடுங்கள். இளக்கிய பிறகு வெள்ளை முடியில் அது 5 அல்லது 6 போலத் தெரியும். "மென்மையாகத்தானே வேண்டும்" என்று முதலே 6 எடுத்து அதையும் இளக்கினால், வெள்ளை முடி மஞ்சளும் செம்மஞ்சளுமாக நிற்கும். புள்ளிக்குப் பின்னால் 4, 5, 6 என்று வரும் செம்பு, சிவப்புச் சாயல்களும் வேண்டாம். கீழே தாங்கிப் பிடிக்க நிறமில்லாத வெள்ளை முடியில் அவை கத்தும்.

டெவலப்பர். 6 சதவீதம், அதாவது 20 வொல்யூம். "கொண்டிஷனர் வீரியத்தைக் குறைக்கும்தானே" என்று 9, 12 சதவீதம் வாங்குகிறவர்கள் உண்டு. கூடுதலான பெரொக்சைட் நரையை மூடாது. கறுப்பு முடியை வெளிற்றிச் செம்பட்டையாக்கும், தலைத்தோலும் எரியும்.

கொண்டிஷனர். கழுவி விடுகிற, வெள்ளை நிறமான, மலிவான சாதாரண கொண்டிஷனர். எண்ணெய் மினுக்கம் கூடியது, புரதம் சேர்த்தது, தலையில் விட்டுவிடுகிற வகை, ஊதா நிறத்தது எதுவும் வேண்டாம். அவற்றில் உள்ள ஒவ்வொரு பொருளும் விடையில் ஒரு சந்தேகத்தைக் கூட்டும்.

தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. கரண்டியால் அளக்காதீர்கள். டை தடிப்பு, டெவலப்பர் நீர்ப்பு, கொண்டிஷனர் இரண்டுக்கும் நடுவில். ஒரே கரண்டியில் மூன்று நிறை வரும். இன்று வந்த நிறம் ஆறு கிழமைக்குப் பிறகும் வர வேண்டுமென்றால் கிராமில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இவற்றோடு பிளாஸ்டிக் கோப்பை, தூரிகை, கையுறை, பழைய துவாய், நெற்றி ஓரத்தில் பூசப் பெற்றோலியம் ஜெலி. உலோகக் கோப்பை கூடாது, அது பெரொக்சைட்டைச் சிதைக்கக் கூடியது.

## 4. 48 மணித்தியாலத்துக்கு முன்: தோல் சோதனை

கொண்டிஷனர் சேர்த்ததால் டை "சாதுவாகிவிட்டது" என்பதுதான் நான் கேட்கிற பிழைகளில் ஆபத்தானது. ஒவ்வாமை தரும் பொருள் அளவில் குறைந்திருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்குச் சொற்ப அளவும் போதும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்னபடி, இளக்காத டையைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு வைத்து 48 மணித்தியாலம் பாருங்கள். முன்பு பல தடவை அடித்தவரும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒவ்வாமை பாவிக்கப் பாவிக்க ஒரு நாள் திடீரென்று தொடங்கலாம். கடி, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் அந்த டையை விட்டுவிடுங்கள். கலியாண வீட்டில் கறுப்பு மெஹந்தி போட்டுக் கை கொப்பளித்த அனுபவம் உள்ளவர் சோதனைகூடச் செய்யக் கூடாது, அவருக்கு இந்த டையே வேண்டாம். அதில் சேர்க்கிற பொருளும் டையில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றே. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

தலைத்தோலில் புண், சொறி இருக்கும்போது அடிக்கக் கூடாது. மருதோன்றி என்று சொல்லிக் கடையில் விற்கும் தூளைப் பூசி வந்தவரானால், சில கலப்புத் தூள்களில் உலோக உப்புகள் இருக்கும். அவை பெரொக்சைட்டோடு சேர்ந்து முடியைச் சூடாக்கி அறுத்துவிடலாம். அப்படியானவருக்கு அடுத்து வரும் கற்றைச் சோதனையைத் தாண்டாமல் தலையில் கை வைக்காதீர்கள்.

## 5. இந்தக் கொண்டிஷனரும் இந்த டையும் ஒத்துப்போகுமா

ஒரு தேக்கரண்டி டை, ஒரு தேக்கரண்டி டெவலப்பர், ஒரு தேக்கரண்டி கொண்டிஷனர். இதற்குக் கரண்டி அளவு போதும். குழைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்.

வழவழப்பாக, தூரிகையில் நின்று மெதுவாக வழிந்தால் நல்லது. பால் திரைந்தது போலக் குறுணி குறுணியாக வந்தாலோ, ஓரத்தில் தண்ணீர் பிரிந்தாலோ அந்தச் சோடி சரிவராது. சில டைகளின் கிரீம் சவர்க்காரம் போல எதிரேற்றம் உள்ள பொருட்களால் ஆனது, கொண்டிஷனரில் இருப்பவை நேரேற்றம் உள்ளவை. இரண்டும் பிடித்துக்கொண்டால் கட்டியாகும். அந்தக் கட்டிக்குள் மாட்டிய நிறம் முடிக்குப் போகாது. வேறு கொண்டிஷனர் எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். ஒருமுறை இதைப் பார்க்காமல் பூசிவிட்டு, ஒருவரின் பின்தலையில் புள்ளிமான் போலத் திட்டு வரச் செய்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய அவருக்கு இளக்காத டையே அடிக்க வேண்டியதாயிற்று.

## 6. மூன்று கற்றைகளில் பார்த்து அளவை முடிவு செய்தல்

முழு வேலையும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. என் சின்னம்மாவுக்குச் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

சின்னம்மா பரந்தனில் இருக்கிறா. தோளளவு முடி, தலையில் மூன்றிலொரு பங்கு நரை, அதுவும் பெரும்பாலும் இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் வகிட்டிலும். முன்பு கறுப்பு டை அடித்து, மூன்றாம் கிழமையே வகிட்டில் வெள்ளைக் கோடு விழுந்து, அதைப் பார்க்கப் பார்க்க வெறுத்துப்போய் ஒரு வருடமாக விட்டிருந்தா. மகளின் கலியாணம் வவுனியாவில் வந்தபோதுதான் திரும்பக் கேட்டா.

நெற்றிப்பொட்டின் உட்பக்கத்திலிருந்து, வெள்ளை கூடிய இடமாகப் பார்த்து, தீக்குச்சித் தடிப்பில் மூன்று சின்னக் கற்றைகள் வெட்டினேன். சீப்பில் கழன்ற முடியும் உதவும், ஆனால் அது எந்த இடத்து முடி என்று தெரியாது. நெற்றிப்பொட்டு நரைதான் பெரும்பாலும் முரடு. அதில் பிடித்தால் மற்ற இடத்தில் பிடிக்கும்.

டையையும் டெவலப்பரையும் சம நிறையில் கலந்தேன், அந்தப் பெட்டியில் 1:1 என்றுதான் இருந்தது. சிலவற்றில் 1:1.5 என்று இருக்கும், அதன்படியே செய்யுங்கள். அந்தக் கலவையிலிருந்து மூன்று பங்கு பிரித்தேன். முதலாவதில் கலவை இரண்டு பங்கு, கொண்டிஷனர் ஒரு பங்கு. இரண்டாவதில் இரண்டும் சமன். மூன்றாவதில் கலவை ஒரு பங்குக்குக் கொண்டிஷனர் இரண்டு. ஒவ்வொரு கற்றையையும் வேறு நிற நூலால் கட்டி, பூசி, 30 நிமிடம் வைத்து, கழுவி, முழுதாக உலர்த்தினோம். ஈர முடி எப்போதும் ஒரு படி கருமையாகத்தான் தெரியும். ஈரத்தில் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர் பிறகு ஏமாறுவார்.

வெள்ளைத் துணியில் வைத்து, கிணற்றடி வெளிச்சத்தில் பார்த்தோம். இரண்டுக்கு ஒன்று கற்றையில் வெள்ளை முடியெல்லாம் நல்ல கபிலமாக மாறியிருந்தது, கூர்ந்து பார்த்தால் சில முரட்டு முடிகள் மட்டும் வெளிறி நின்றன. சமனாகக் கலந்ததில் தேத்தண்ணி நிறம். கறுப்போடு சேர்த்து முறுக்கினால் அழகாகக் கலந்தது, ஆனால் எது நரையாக இருந்தது என்பது தெரிந்தது. மூன்றாவது கற்றை வெயிலில் மங்கல் மஞ்சளாக, அழுக்கேறிய வெள்ளை போல இருந்தது. "இதுக்கு நான் நரையோடயே இருக்கலாம்" என்றா சின்னம்மா. சரியான தீர்ப்பு.

அதற்குப் பிறகு இரண்டு கற்றைகளையும் ஐந்து தடவை சம்பூ போட்டுக் கழுவிப் பார்த்தோம். இதைப் பலரும் செய்வதில்லை. சமனாகக் கலந்தது தெளிவாக வெளிறி, செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது. இரண்டுக்கு ஒன்று அவ்வளவாக அசையவில்லை. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருந்ததால் இரண்டுக்கு ஒன்றை எடுத்தோம். நரைக்கு என்றால் சமனைத் தாண்டிக் கொண்டிஷனர் கூட்டுவதில் பொருளில்லை. ஒவ்வாமைப் பொருளைத் தலையில் போட்ட கணக்கு இருக்கும், நிறம் இருக்காது.

## 7. தலையைத் தயார் செய்தல்

டை அடிப்பதற்கு முதல் நாள் சம்பூ மட்டும் போட்டுக் கழுவுங்கள். கொண்டிஷனர் வேண்டாம், பிறகு எண்ணெயும் வைக்க வேண்டாம். "எண்ணெய் தலைத்தோலைக் காக்கும்" என்று நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே இளகிய டைக்கு அது இன்னொரு தடை, எண்ணெய் கனத்த இடத்தில் நிறம் ஏறாது. டை அடிக்கும் அன்றைக்கே காலையில் சம்பூ போட்டுத் தேய்ப்பதும் நல்லதல்ல, தலைத்தோல் வெறுமையாகி எரிச்சல் கூடும்.

வன்னித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது, கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைக் காறல் முடியிலும் படியும். சில குழாய்க்கிணறுகளில் வாளியின் ஓரம் துருநிறமாகும், அது இரும்பு. முடியில் இரும்பு ஏறியிருந்தால் பெரொக்சைட் தாறுமாறாகச் சிதையும். முதல் நாள் கடைசி அலசலை மட்டும் வடிகட்டிய குடிநீரில் செய்யுங்கள், ஒரு பெரிய போத்தல் போதும். அதனால் படிந்தது எல்லாம் போகாது, புதிதாகப் படிவது குறையும்.

## 8. கலக்கும் ஒழுங்கு

சின்னம்மாவின் தலைக்கு: டை 40 கிராம், டெவலப்பர் 40 கிராம், கொண்டிஷனர் 40 கிராம். மொத்தம் 120.

முதலில் டையையும் டெவலப்பரையும் மட்டும் கட்டி இல்லாமல் குழையுங்கள். பிறகுதான் கொண்டிஷனர். டையோடு கொண்டிஷனரை முதலில் கலந்தால், வழுக்கும் கிரீமுக்குள் டை சின்னச் சின்னத் திரளாக ஒளிந்துகொள்ளும், பின்னால் வரும் டெவலப்பர் அதற்குள் போகாது.

கொண்டிஷனர் வந்துவிட்டது என்று டெவலப்பரைக் குறைப்பது அடுத்த பிழை. டைக்கும் டெவலப்பருக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது, மூலப்பொருளைப் பிணைப்பது பெரொக்சைட்தான். டெவலப்பரே இல்லாமல் டையையும் கொண்டிஷனரையும் மட்டும் பூசுகிற ஒரு "பாதுகாப்பான" வழியும் வாய்மொழியாக உலாவுகிறது. அது தலைகீழ். பிணைக்கப்படாத மூலப்பொருள்தான் தோலுக்கு அதிகம் ஒவ்வாதது. நிறமும் வராமல், அதையே நேரே தலைத்தோலில் தேய்த்த மாதிரி ஆகும்.

எங்கள் கலவையில் பெரொக்சைட் எவ்வளவு என்று பாருங்கள். 6 சதவீத டெவலப்பர் 40 கிராமில் 2.4 கிராம். இளக்காத 80 கிராம் கலவையில் அது 3 சதவீதம், 120 கிராமில் 2 சதவீதம். சமனாகக் கலந்திருந்தால் 1.5. கறுப்பு முடி வெளிறாமல் கறுப்பாகவே நிற்பதற்கும், முரட்டு நரையில் நிறம் குறைவாகப் பிடிப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

கலந்தவுடன் பூசத் தொடங்குங்கள். கோப்பையில் கலவை கருத்துக்கொண்டு வருவது, நிறத் துணிக்கைகள் முடிக்கு வெளியிலேயே உருவாகிப் பெரிதாகின்றன என்பதற்கு அடையாளம். அவை இனி உள்ளே போகா, ஒரு கழுவலில் போய்விடும். தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்து பூசினால் நீங்கள் இரண்டாம் தடவை இளக்கியிருக்கிறீர்கள்.

## 9. பூசும் ஒழுங்கு

முரட்டு நரை முதலில். இரண்டு நெற்றிப்பொட்டும் முன்னோரமும், அடுத்து வகிடு, பிறகு உச்சி, கடைசியில் பின்தலை. பெரும்பாலானோர் பின்னாலிருந்து தொடங்கி முன்னுக்கு வருகிறார்கள். கறுப்பு டைக்கு அது பரவாயில்லை. இளக்கிய டையில், முதலில் வைத்த இடத்துக்குக் கிடைக்கிற பத்து நிமிடம் பெரிய வித்தியாசம்.

"நெற்றிப்பொட்டுக்கு இளக்காததையும் மற்ற இடத்துக்கு இளக்கியதையும் வைக்கலாமே" என்று கேட்பார்கள். வைத்துப் பார்த்திருக்கிறேன். முகத்துக்குப் பக்கத்தில்தான் மென்மை வேண்டும், அந்த இடத்தையே கனமாக்கிவிட்டால் பிறகு எதற்கு இவ்வளவு பாடு? நேரம் கொடுப்பதே மேல்.

கலவை வழுக்குவதால் கை தானாகவே மெல்லியதாக இழுத்துவிடும், பூசியது போதும் என்றும் தோன்றும். போதாது. ஒவ்வொரு பிரிப்பிலும் முடியின் இரண்டு பக்கமும் கிரீம் தெரிய வேண்டும். எங்கள் வெக்கையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தால் ஓரம் காய்ந்துவிடும், காய்ந்த இடத்தில் வேலை நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் தொப்பியைத் தளர்வாகப் போடுங்கள். வெயிலில் போய் இருக்க வேண்டாம்.

## 10. நேரம்

பெட்டியில் உள்ள முழு நேரமும் வையுங்கள். சின்னம்மாவுக்கு, கடைசி இடம் பூசி முடித்ததிலிருந்து 30 நிமிடம்.

மென்மையாக வேண்டுமென்று கொண்டிஷனரும் கலந்து, நேரத்தையும் 15 நிமிடமாகக் குறைத்தால் நிறம் அரைகுறையாகவே பிணையும். பச்சை கலந்த, அல்லது ஊதா கலந்த விசித்திரமான கபிலம் வரும், அதுவும் நிற்காது. நிறத்தை இளக்குவது கொண்டிஷனரின் வேலை, நேரத்தின் வேலை அல்ல. அதேபோல, பிடிக்கவில்லையே என்று பெட்டியில் உள்ள நேரத்தைத் தாண்டி ஒரு மணித்தியாலம் வைப்பதும் பயனில்லை. பெரொக்சைட்டின் வேலை முடிந்திருக்கும், தலைத்தோல் மட்டும் அவஸ்தைப்படும்.

20ஆவது நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் ஒரு முடிக்கற்றையை ஈரத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இன்னும் பளிச்சென்ற வெள்ளை நின்றால் அந்த இடத்தில் புதிதாகக் குழைத்த கலவையை இன்னொரு தடவை வைக்கலாம்.

## 11. கழுவுதல்

இங்கே வழுக்கல் ஏமாற்றும். சாதாரண டை போகும்போது முடி கரகரப்பாகும், போய்விட்டது என்று கைக்குத் தெரியும். இதில் கொண்டிஷனர் இருப்பதால் முதல் வாளியிலேயே முடி பட்டுப் போல இருக்கும், பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் டை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் கடி என்று வருகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒருக்கா மட்டும் சம்பூ போட்டுத் தலைத்தோலைத் தேயுங்கள். பிறகு புதிதாகக் கொஞ்சம் கொண்டிஷனர் போட்டு அலசுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம்.

மிஞ்சிய கலவையை மூடி வைக்காதீர்கள். ஒருமுறை வீணாக்கக் கூடாது என்று ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டேன். மத்தியானம் பார்த்தபோது போத்தலின் அடி உருண்டு, நிமிர்ந்து நிற்க முடியாமல் கிடந்தது. பெரொக்சைட் வாயு விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றிவிடுங்கள், கிணற்றடியில் மட்டும் வேண்டாம்.

## 12. எவ்வளவு மறைப்புப் போனது, அடுத்த தடவை என்ன

மூன்று நாள் கழித்து, உலர்ந்த முடியில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சின்னம்மாவின் வகிடும் உச்சியும் நினைத்தபடி வந்தன. வலது நெற்றிப்பொட்டில், காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் ஒரு திட்டு ஏறக்குறைய வெள்ளையாகவே நின்றது. அந்தக் கம்பி முடி இளக்காத டைக்கே மல்லுக்கட்டுவது. அந்தத் திட்டுக்கு மட்டும் ஒரு கிழமை கழித்து இளக்காத 4.0 வைத்தோம். அவ்வளவு சின்ன இடம் என்பதால் கனமாகத் தெரியவில்லை.

நிறம் கழுவக் கழுவ மெலியும், மூன்றாம் நான்காம் கிழமையில் வெயிலில் செம்பு அடிக்கும். இதற்கு மருந்து திரும்ப முழுத் தலைக்கும் அடிப்பதல்ல. இது இளக்கிய டையே தவிர, தற்காலிக டை அல்ல. உள்ளே பிணைந்தது உள்ளேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நுனிவரை இழுத்தால் நிறம் மேலுக்கு மேல் ஏறி, நாலாம் தடவையில் நுனி நீங்கள் வேண்டாம் என்ற அதே தார்க் கறுப்புக்குக் கிட்ட வந்து நிற்கும், வேர் மட்டும் மென்மையாக இருக்கும். அடுத்தடுத்த தடவைகளில் வளர்ந்து வந்த வேருக்கு மட்டும் வையுங்கள். நுனி மிகவும் வெளிறியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கலவையைக் கீழே இழுக்கலாம்.

வேர் வளர்வது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். கறுப்பு டையில் அந்தச் சென்ரிமீற்றர் வெள்ளைக் கோடாக வெட்டித் தெரியும். இளக்கியதில் கபிலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே எல்லை கலங்கியிருக்கும், அதனால் ஆறு ஏழு கிழமை தள்ளலாம். சின்னம்மா எட்டாம் கிழமைதான் திரும்பி வந்தா. வேருக்கு மட்டும் என்பதால் இந்த முறை டை 15, டெவலப்பர் 15, கொண்டிஷனர் 15 கிராம். அதே போத்தல், அதே தராசு. வலது நெற்றிப்பொட்டுத் திட்டுக்கு, கொண்டிஷனர் சேர்க்காத கலவை ஒரு தேக்கரண்டியளவு வேறு கோப்பையில் தனியாகக் குழைத்து வைத்தேன்.